நண்பரின் கல்யாண நாள் அட்டையில் என்ன எழுதலாம்? நான்கு வழிகளும் என் தேர்வும்

கல்யாண நாள் வாழ்த்து அட்டையைக் கடையில் வாங்கப் பத்து நிமிடம் போதும். வீட்டுக்கு வந்து அதைத் திறந்து வைத்து, வலது பக்கத்து வெள்ளை இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கத்தான் நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் நம் கை தானாகப் போகிற இடங்கள் நான்கு. பெரியவர்கள் சொல்லிக் கேட்ட மரபு வாழ்த்து, குறளோ சங்கப் பாட்டோ ஒன்றிரண்டு வரி, எதுகை மோனையோடு ஒரு குட்டிக் கவிதை, அல்லது நம் சொந்தப் பேச்சில் நாலு வரி. நெருங்கிய நண்பருக்கு நான் நாலாவதையே எடுப்பேன். ஆனால் மற்ற மூன்றையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு.

ஒரு ஜோடியை மனதில் வைத்துப் பார்த்தால்தான் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரியும். குமார், செல்வி என்று வைத்துக்கொள்வோம். குமார் கல்லூரி விடுதியில் நம் அறைத் தோழன். கல்யாணம் 2015 ஆவணியில் நடந்தது. செல்வியை நமக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். ஆனாலும் அவர்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறோம். குமாரின் அம்மா அவர்களோடு இருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

இந்த அட்டையை யார் படிப்பார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. குமாரின் பெயருக்கு அனுப்பினாலும் உறையைச் செல்வி பிரிக்கலாம். மகள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து கேட்பார். அப்புறம் அது ஷோகேஸ் கண்ணாடிக்குள் போய் நிற்கும், வருகிற விருந்தாளிகளும் எடுத்துப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்குள் போகிற செய்தி வேறு, இது வேறு. விடுதி நாட்களில் குமார் செய்த கூத்து, அவனுடைய பழைய காதல், செல்வியைப் பெண் பார்த்துவிட்டு வந்து அவன் நம்மிடம் சொன்னது, இவை எதுவும் அட்டைக்கு வரக் கூடாது. மாமியார் காதில் விழுந்தால் சங்கடம் வருமா என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது இடம். ஐந்து அங்குல அகலம், ஏழு அங்குல உயரம் உள்ள மடிப்பு அட்டைகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அதன் வலது பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது அச்சிட்டிருப்பார்கள். அது போக மிச்சம் பாதிப் பக்கமோ, கொஞ்சம் கூடுதலோ இருக்கும். தமிழ்க் கையெழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே வாலும் வருவதால் வரிக்கு வரி ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். வரிக்கு நாலைந்து சொல் என்று பார்த்தால் ஏழெட்டு வரியில் முப்பத்தைந்து சொல்லுக்கு மேல் நெருக்கடிதான். எதை எழுதுவதாக இருந்தாலும் இந்த முப்பத்தைந்து சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

மரபு வாழ்த்து

“பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க”, “இல்லறம் நல்லறமாக அமையட்டும்”, “நீடூழி வாழ்க”. இந்த வழியின் பெரிய பலம், தப்பே வராது என்ற நம்பிக்கை. எல்லோருக்கும் புரியும், பெரியவர்கள் கேட்டால் மகிழ்வார்கள், இரண்டு வரியில் முடிந்துவிடும்.

ஆனால் தப்பே வராது என்பது முழு உண்மை இல்லை. “இல்லறம் நல்லறமாக அமையட்டும்” என்பது கல்யாண மேடையில் சொல்கிற வாழ்த்து. பத்து வருஷம் குடும்பம் நடத்தியவர்களிடம் போய் இனிமேல் நன்றாக அமையட்டும் என்றால், இதுவரை என்னவாக இருந்தது என்ற கேள்வி நிற்கும். பதினாறு பேறுகளைப் பல விதமாகப் பட்டியல் போடுவார்கள். அதில் மக்கட்பேறும் ஒன்று. போதாக்குறைக்கு, ஊரில் பாதிப் பேர் பதினாறு என்றாலே பதினாறு பிள்ளை என்றுதான் சிரிப்பார்கள். குமார் வீட்டில் மகள் இருப்பதால் சிரித்துவிட்டுப் போவார்கள். குழந்தைக்காக மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருக்கும் ஒரு ஜோடிக்கு அதே வரி போனால், அன்று முழுக்க அந்த வீட்டில் அது கனத்துக் கிடக்கும். பத்து வருஷம் ஆன நண்பர்களில் அப்படி ஒருவராவது நம் எல்லோருக்கும் இருப்பார். அவர் பேசாமல் இருப்பதால் நமக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இன்னொன்று, இந்த வாழ்த்துகள் எல்லாம் மூத்தவர் இளையவரைப் பார்த்துச் சொல்லும் தொனியில் இருப்பவை. காலில் விழுந்து எழுபவரின் தலையில் கை வைத்துச் சொல்கிற சொற்கள். குமார் நம் வயசுக்காரன். ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துச் சாப்பிட்டவனுக்கு “நீடூழி வாழ்க” என்று எழுதினால் நடுவில் ஒரு மேடை வந்து நிற்கிறது.

அட்டையில் நம் அப்பா அம்மாவும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால் கதை மாறும். அவர்கள் வாயில் அந்த வாழ்த்து அழகாக உட்காரும். அப்போது மேலே நம் வரிகளை எழுதிவிட்டு, கீழே அவர்கள் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லலாம். அலுவலகத்தில் அவ்வளவாகப் பழக்கம் இல்லாத ஒருவருக்கு எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அட்டைக்கும் “நலமோடு பல்லாண்டு வாழ வாழ்த்துகிறோம்” போதும். அங்கே நெருக்கத்தை வரவழைத்துக்கொண்டு எழுதினால்தான் செயற்கையாக இருக்கும்.

மேற்கோள்

குறள் எழுத நினைப்பவர்கள் அநேகமாகப் போய்ச் சேருவது இல்வாழ்க்கை அதிகாரத்தில் இருக்கும் 45-ஆவது குறளுக்கு.

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

ஏழே சீர், முழு வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறது. இதைப் புதுமணத் தம்பதிக்குக் கொடுத்தால் கையில் ஒரு விளக்கைக் கொடுத்த மாதிரி. பத்து வருஷ ஜோடிக்குக் கொடுக்கும்போது ஒரு சின்னச் சிக்கல். இல்வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தக் குறள் இலக்கணம் சொல்கிறது. தனியாக எழுதிவைத்தால் பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும். கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் அது சரியாகும்: “உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் குறள்தான் ஞாபகம் வருகிறது.” இப்போது குறள் அவர்களைப் பார்த்துப் பேசவில்லை, அவர்களைப் பற்றிப் பேசுகிறது. மேற்கோள் எழுதுகிற யாரும் இந்த ஒரு வரியை விடக் கூடாது. அது இல்லாவிட்டால் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அடுத்துப் பலரும் தேடிப் போவது குறுந்தொகையின் 40-ஆவது பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது. “யாயும் ஞாயும் யாரா கியரோ” என்று தொடங்கி, “செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே” என்று முடியும். கல்யாணப் பத்திரிகைகளில் நிறைய இடம்பிடித்த வரிகள். எனக்கும் உயிரான பாட்டுதான். இருந்தாலும் நண்பர் எழுதும் அட்டையில் இதை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, இது தலைவன் தலைவியிடம் சொல்லும் பாட்டு. “யானும் நீயும் எவ்வழி அறிதும்” என்று அவன் அவளிடம் சொல்கிறான். குமார் செல்விக்கு எழுதினால் அற்புதம். நாம் எழுதினால் குமாரின் வசனத்தை நாம் பேசுகிறோம். இரண்டாவது இன்னும் முக்கியம். உன் தாயும் என் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, என்று பாட்டு கேட்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேர் கலந்ததுதான் அதன் அழகே. செல்வி குமாரின் மாமன் மகளாக இருந்தால்? சின்ன வயசிலிருந்து ஒரே திருவிழாவில் ராட்டினம் ஏறியவர்களாக இருந்தால்? நம் ஊரில் அப்படிக் கல்யாணங்கள் ஏராளம். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவே முதலில் சொல்வார், “ஏன், எங்க அண்ணன் பொண்ணுதானே?” என்று. காதல் கல்யாணமோ, வெளியூரில் பார்த்து முடித்த கல்யாணமோ என்றால் இந்தப் பாட்டு கச்சிதம். மேலே “கல்யாணப் பத்திரிகையில் படித்த பாட்டு, பத்து வருஷம் கழித்தும் உங்களுக்கே பொருந்துகிறது” என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் நம் குரலும் வந்துவிடும்.

எந்த மேற்கோளாக இருந்தாலும் புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டும். மனப்பாடமாகத் தெரியும் என்று எழுதி, சீர் பிரிப்பில் தவறிவிட்டால் தமிழாசிரியர் ஒருவராவது அதைக் கண்டுபிடிப்பார். குமாரோ செல்வியோ தமிழ் படித்தவர்களாக இருந்தால் மேற்கோள் வழியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்கு அது பிடித்த பட்சணம். இல்லாவிட்டால் முப்பத்தைந்து சொல் இடத்தில் பாதியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

குட்டிக் கவிதை

“மலரும் மணமும் போல, நிலவும் வானும் போல, இசையும் தாளமும் போல இணைந்து வாழ்க.” இந்த வகையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். எழுதுவது எளிது, படிக்க ஓசையாக இருக்கும், ஆனால் குமாரும் செல்வியும் இதில் எங்கேயும் இல்லை. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அன்று காலை ஆறு மணியிலிருந்து அவர்களுடைய போனில் ரோஜாப்பூப் படத்தோடு இதே மாதிரி இருபது வாழ்த்து வந்திருக்கும். இருபத்தொன்றாவதைக் கையால் எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்ப வேண்டியதில்லை.

கவிதை எழுதுகிற பழக்கம் உள்ளவர், நண்பர்களும் அவரிடம் அதை எதிர்பார்ப்பார்கள் என்றால் அவர் எழுதட்டும். அப்போதும் போல, போல என்று அடுக்காமல் அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு பொருளை எடுத்து எழுதினால் நிற்கும்.

சொந்த வரிகள்

இதில் பயம் ஒன்றுதான்: என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதற்கு நான் பிடித்துக்கொள்வது ஒரு கேள்வியை. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போது நான் என்ன பார்த்திருக்கிறேன்? குமாரைப் பற்றி நிறையத் தெரியும். செல்வியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆனால் இது கல்யாண நாள், பிறந்த நாள் இல்லை. இருவரும் ஒரே காட்சியில் வருகிற ஒன்றுதான் வேண்டும்.

குமார், செல்விக்காக மூன்று ஞாபகங்கள் கிடைக்கின்றன என்று வைப்போம். முதலாவது, விடுதியில் தேர்வுக்கு முந்தைய இரவு குமார் நமக்காகக் கண்விழித்துச் சொல்லிக்கொடுத்தது. நல்ல ஞாபகம், ஆனால் செல்வி அங்கே இல்லை. அட்டையின் பாதி உரிமையாளரை வெளியே நிறுத்திவிட்டுப் பேச முடியாது. இரண்டாவது, வேலை போன சமயத்தில் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நமக்குச் சாப்பாடு போட்டது. இதில் இருவரும் இருக்கிறார்கள், நன்றியும் உண்மையானது. ஆனால் எழுத ஆரம்பித்தால் நம் கஷ்டம்தான் முன்னால் வந்து நிற்கும். அவர்களுடைய நாளில் நாம் கதாநாயகனாகிவிடுவோம். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

மூன்றாவது, கொடைக்கானல் பஸ் கதை. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதைக் குமார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். “ரெண்டு மணி நேரம் குளிர்ல நின்னோம்” என்பான். செல்வி அடுப்படியிலிருந்தே, “முக்கால் மணி நேரம்தான், அதுவும் டீக்கடைக்குள்ள” என்பார். பஸ் ஏன் தவறியது என்பதைக் குமார் எப்போதும் விட்டுவிடுவான். அவன் ஸ்வெட்டர் பேரம் பேசிக்கொண்டு நின்றதைச் செல்விதான் வந்து சேர்ப்பார். முடிவில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். இதில் இருவரும் இருக்கிறார்கள், நாம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறோம், அம்மா கேட்டாலும் மகள் படித்தாலும் ஒன்றும் ஆகாது. இதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எப்படிக் கூப்பிடுவது? தமிழில் இது பெரிய விஷயம். குமார் நமக்கு “டா”. செல்வி “நீங்கள்”. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்தால் இடறும். இருவரையும் சேர்த்து “நீங்கள்” என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீரும், பன்மைக்கும் மரியாதைக்கும் அதுவே பொருந்தும். “மச்சான்” என்று ஆரம்பிப்பது ஆசையாகத்தான் இருக்கும். குமார் நமக்கு மச்சான் என்றால் முறைப்படி செல்வி தங்கச்சி. அந்த முறையிலேயே வீட்டில் கூப்பிட்டுப் பழகியிருந்தால் “அன்புள்ள மச்சானுக்கும் தங்கச்சிக்கும்” என்றே எழுதலாம், அதைவிட ஒட்டுதல் வேறு இல்லை. இதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அட்டையில் மட்டும் திடீரென்று தங்கச்சி ஆக்க வேண்டாம். நேரில் எப்படியோ அப்படியே. நான் செல்வியின் பெயரை முதலில் போடுவேன். குமாரின் நண்பர் என்ற முறையில் போகிற அட்டையில், இது தனக்கும் வந்தது என்று அவருக்கு முதல் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

பெண் தோழிக்குப் பெண் எழுதும்போதும் இதே கணக்குதான். தோழியை “அடியே” என்று கூப்பிடுவீர்கள், அவர் கணவரை “அண்ணா” என்பீர்கள். அட்டையில் இருவருக்கும் “நீங்கள்”, பெயரோ முறையோ நேரில் எப்படியோ அப்படி.

அடுத்து நடை. ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

“தங்களது இல்லற வாழ்வின் பத்தாம் ஆண்டு நிறைவினை முன்னிட்டு எனது மனமார்ந்த நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்வதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்.”

“டேய் பத்து வருஷம் ஆயிடுச்சாடா, செம!”

“உங்கள் கல்யாணத்துக்குப் பத்து வருஷம் நிறைகிறது. மனசார வாழ்த்துகிறேன்.”

முதலாவது சங்கத் தலைவர் அனுப்பும் கடிதம். இரண்டாவது போனில் அழகாக இருக்கும், ஷோகேஸில் ஐந்து வருஷம் நிற்காது, செல்விக்கும் அதில் இடம் இல்லை. மூன்றாவதில் வினைமுற்றுகள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. வருஷம், மனசார, கல்யாணம் என்று சொற்கள் வாயில் வருகிறபடி இருக்கின்றன. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தடுக்காமல் படிக்கும். அட்டைக்கு இந்த நடைதான் சரி. செல்வி வெளி மாநிலத்தில் வளர்ந்து தமிழ் பேச மட்டும் தெரிந்தவர் என்றாலும் கவலை இல்லை. குமார் படிக்கக் கேட்டால் அப்படியே புரியும்.

இனி கதை வரிக்கு வருவோம். முதலில் இப்படி எழுத வரும்: “குமார் கொடைக்கானல் பஸ் கதையை ஆரம்பித்ததும் செல்வி குறுக்கே புகுந்து திருத்துவதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.” உண்மைதான், ஆனால் படித்துப் பார்த்தால் செல்விமேல் ஒரு குறை மாதிரி விழுகிறது. “குறுக்கே”, “திருத்துவது” இரண்டும் சேர்ந்து அப்படி ஆக்குகின்றன. நேரில் சொன்னால் நம் சிரிப்பு அதைச் சரிசெய்துவிடும். அட்டையில் நம் முகம் இல்லை. அதனால் “விட்டுப்போனதைச் சேர்ப்பது” என்று மாற்றலாம். அதுவும் உண்மைதான், செல்விக்குப் பெருமையும் கூட. முடிவில் இருவரும் சிரிப்பதையும் சேர்த்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

கடைசியாக ஆசை வரி. இங்கேதான் கை மறுபடி “நீடூழி”க்குப் போகும். அந்தக் கதையிலிருந்தே ஆசையை எடுத்தால் நல்லது. பஸ் கதை என்பதால் ஊர் போவதை வாழ்த்தலாம். சண்டையே வராமல் இருங்கள், நீங்கள்தான் எங்கள் எல்லோருக்கும் முன்மாதிரி ஜோடி என்றெல்லாம் எழுத வேண்டாம். போன வாரம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. முன்மாதிரி என்று ஒருவரை நிறுத்திவைத்தால் அவர்களுக்கு அது பாரம். அடுத்து ஒரு பையனும் பிறக்கட்டும் என்பதும் கூடவே கூடாது. “வருகிறேன்” என்று எழுதினால் வர வேண்டும். போக முடியும் என்று உறுதியாகத் தெரிந்த நாளை மட்டும் எழுதலாம்.

எல்லாம் சேர்ந்து இப்படி வருகிறது:

அன்புள்ள செல்வி, குமார்,

உங்கள் கல்யாணத்துக்குப் பத்து வருஷம் நிறைகிறது. மனசார வாழ்த்துகிறேன்.

குமார் கொடைக்கானல் பஸ் கதையை ஆரம்பிப்பதும், செல்வி அதில் விட்டுப்போனதைச் சேர்ப்பதும், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதும் எனக்கு அலுக்கவே இல்லை.

இன்னும் பல ஊர்களுக்குச் சேர்ந்து போங்கள். தீபாவளிக்கு வரும்போது புதுக் கதை கேட்கிறேன்.

அன்புடன்,

அதற்குக் கீழே நம் பெயர். விளிப்பையும் கையெழுத்தையும் விட்டால் முப்பத்தைந்து சொல்கூட இல்லை. அலங்காரச் சொல் ஒன்றும் கிடையாது. ஆனால் இதை வேறு எந்த ஜோடிக்கும் அனுப்ப முடியாது, வேறு யாரும் எழுதியிருக்கவும் முடியாது. மற்ற மூன்று வழிகளையும் விட்டு இதை எடுக்க எனக்கு இந்தக் காரணம் போதும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

வருஷக் கணக்கில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். 2015-இல் கல்யாணம் என்றால் 2025-இல் பத்து வருஷம் முடிந்து பதினொன்று தொடங்குகிறது. “பத்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்” என்று எழுதினால் ஒரு வருஷம் குறைந்துவிடும். “பத்து வருஷம் நிறைகிறது” என்று எழுதினால் குழப்பமே இல்லை. தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகையை எடுத்தால் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டும் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத் தேதியைத்தான் கொண்டாடுவார்கள். சில வீடுகளில் தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்த்துக் கோயிலுக்குப் போவார்கள். எதுவாக இருந்தாலும் அட்டை முன்னதாகவே போய்ச் சேரும்படி அனுப்பிவிட்டால் போதும்.

வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா எளிதில் காயாது, கை பட்டால் இழுத்துக்கொண்டு போகும். மை பேனா சொரசொரப்பான தாளில் பரவும். சாதாரண பால்பாயிண்ட் பேனா இரண்டிலும் தேவலாம். அட்டையின் பின்பக்க மூலையில் ஒரு புள்ளி வைத்து, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். முதலில் வேறு தாளில் அதே அகலத்துக்குக் கோடு கிழித்து ஒருமுறை எழுதிப் பார்த்தால், கடைசி இரண்டு வரி நசுங்கி மூலையில் ஏறுவதைத் தவிர்க்கலாம். வலது மேல் மூலையில் ஊரையும் தேதியையும் வருஷத்தோடு போடுங்கள். பின்னால் பெட்டியைக் கிளறும்போது எந்த வருஷத்து அட்டை என்று அவர்களுக்குத் தெரியும்.

எப்போது வேறு வழி?

அந்த வருஷம் அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் மட்டும் என் தேர்வு மாறும். குமாரின் அப்பா ஆறு மாதத்துக்கு முன் தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் பண்டிகையே கொண்டாட மாட்டார்கள். பூவும் மத்தாப்பும் அச்சடித்த அட்டை, பஸ் கதை, எதுவும் ஒத்துவராது. அனுப்பாமல் இருந்துவிடுவது என்பது பலருடைய வழக்கம், அதிலும் தப்பில்லை. நான் அனுப்புவேன், ஆனால் வெறும் அட்டையில், இவ்வளவே எழுதி: “இன்று உங்கள் கல்யாண நாள் என்பது ஞாபகம் இருக்கிறது. அப்பா இல்லாத முதல் வருஷம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதை நினைத்து எனக்கு ஆறுதல். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன்.” வாழ்த்து என்ற சொல்லே இதில் வேண்டாம். அம்மா கேட்டாலும் அவருக்கும் பொருந்தும்.

கல்யாணத்தில் விரிசல் இருக்கிறது, இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம் என்று தெரிந்த நண்பருக்கு அட்டையே வேண்டாம். அன்று குமாருக்குப் போன் போட்டு, கல்யாண நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல் சும்மா நலம் விசாரிக்கலாம். அவனே பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளலாம்.